முயற்சியைப் பாராட்டியும் மதிப்பெண் ஏறவில்லை

"மேலூர் பக்கம் ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறேன். திறமையை வளர்த்துக்க முடியும்னு சொல்ற வளர்ச்சி மனப்பான்மைப் பயிற்சியில் சொன்னபடி 'நல்லா முயற்சி பண்ணுன'ன்னு தினமும் பாராட்டுறேன். கணக்கில் மார்க் ஏறலையே, ஏன் சார்?"

வெறும் பாராட்டு வழிமுறையை மாற்றாது, அதனால்தான். முயற்சியை மட்டும் புகழ்வது தவறான புரிதல் என்று, வளர்ச்சி மனப்பான்மைக் கருத்தை முன்வைத்த உளவியலாளர் கரோல் டுவெக்கே 2015இல் எழுதினார்.

பையன் −3(x−4) என்பதை −3x−12 என்று எழுதினால், "இரண்டாவது உறுப்பை எதால் பெருக்கின? குறி என்ன வரும்?" என்று கேளுங்கள். −3x+12 வந்ததும் −2(x−5) கொடுங்கள். அதிலும் குறி தவறினால் அவனுக்குப் பாராட்டு தேவையில்லை, குறி விதியைத்தான் திரும்ப நடத்த வேண்டும்.

அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான வளர்ச்சி மனப்பான்மை இணையப் பயிற்சிக்குப் பின், பின்தங்கிய ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் மதிப்பெண் சராசரி 4 புள்ளி அளவில் 0.10தான் கூடியது.