குளியலறைச் சுவரில் வால் தூக்கி நிற்பது மலேரியா கொசுவா?

*கேள்வி: பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தால் அது மலேரியா கொசு என்று பள்ளியில் படித்தேன். எங்கள் பிளாட் குளியலறைச் சுவரில் அப்படி ஒன்று இருக்கிறது. கையில் ஒரு சின்ன லென்ஸ்தான் உள்ளது. மலேரியா பரப்பும் அனோபிலிஸா, இல்லை கியூலெக்ஸா, ஏடிஸா என்று எப்படிச் சொல்வது?*

பினாங்கில் கொசு பிடித்து எண்ணுகிற வேலையில் பல வருடம் இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் சொந்தக்காரர்கள் விடுவதில்லை. போன மழைக்காலத்தில் ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் அக்கா மகன், நீங்கள் சொல்லும் அதே சந்தேகத்தோடு ஒரு கொசுவை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தான். "மாமா, வாலைத் தூக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்துச்சு. லென்ஸ்ல பார்த்தேன், மூஞ்சியில நீளமா ரெண்டு கொம்பும் இருக்கு. ரெண்டு அடையாளமும் அனோபிலிஸ்தானே?" என்றான். அவன் பார்த்தது இரண்டும் உண்மை. முடிவுதான் தவறு. அது எப்படி என்று சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும்.

முதலில் உட்காரும் விதம். கொசு சுவரில் இருக்கும்போது மேலிருந்தோ நேர் எதிரிலிருந்தோ பார்த்தால் ஒன்றும் தெரியாது. கன்னத்தைச் சுவரோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் பாருங்கள். அனோபிலிஸ் என்றால் உறிஞ்சுகுழல், தலை, நெஞ்சு, வயிறு எல்லாம் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கும். அந்தக் கோடு சுவரோடு 30 முதல் 45 பாகை வரை சாய்ந்திருக்கும். சுவரில் சாய்வாக அறைந்த ஆணி மாதிரி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கியூலெக்ஸும் ஏடிஸும் கூனல் விழுந்தவை. நெஞ்சு மேடாகத் தெரியும், தலையும் உறிஞ்சுகுழலும் கீழே வளைந்திருக்கும், வயிறு சுவருக்கு இணையாகப் படுத்திருக்கும்.

சரி, அப்படியானால் அக்கா மகன் பார்த்த வால் எது? பின்னங்கால். கொசு உட்காரும்போது பெரும்பாலும் நான்கு கால்களைத்தான் சுவரில் ஊன்றும், பின்னங்கால் இரண்டையும் காற்றில் தூக்கி வைத்துக்கொள்ளும். கியூலெக்ஸ் அவற்றை முதுகுக்கு மேலே வளைத்துத் தூக்கி வைத்திருப்பதை எங்கும் பார்க்கலாம். மங்கலான குளியலறை வெளிச்சத்தில், கண்ணாடி போடாமல் பார்த்தால் அது வால் தூக்கியதாகத்தான் தெரியும். அதனால் கால்களை மறந்துவிடுங்கள். இறக்கைக்குக் கீழே இருக்கும் வயிறு சுவரை விட்டு விலகிப் போகிறதா, சுவரோடு இணையாகப் போகிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

இதிலும் விதிவிலக்கு உண்டு. நிறைய ரத்தம் குடித்த கொசுவுக்கு வயிறு கனத்துத் தொங்கும், கோணத்தை நம்ப முடியாது. இந்தியாவில் மலேரியாவைப் பரப்பும் முக்கியமான அனோபிலிஸ் ஒன்று கியூலெக்ஸ் மாதிரியே படுத்த வாக்கில் உட்காரும். அதன் பெயரே கியூலிசிஃபேசிஸ், அதாவது கியூலெக்ஸ் முகச்சாயல் கொண்டது. உட்காரும் விதம் சந்தேகத்தைக் கிளப்ப நல்லது. தீர்ப்புச் சொல்ல அது போதாது.

தீர்ப்புச் சொல்லக் கொசு கைக்கு வர வேண்டும். அறைந்து கொன்றால் செதிலெல்லாம் உங்கள் உள்ளங்கையில்தான் இருக்கும். ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகிப் பிடியுங்கள். பிறகு சின்ன டப்பாவுக்கு மாற்றி, கொசு உருளாமல் இருக்கக் கொஞ்சம் டிஷ்யூ வைத்து, ஐஸ் பெட்டியில் அரை மணி நேரம் விட்டால் போதும். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் சில நிமிடம் அப்படியே விடுங்கள். உடனே திறந்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த கொசுவின் மேல் பட்டதும் துளித்துளியாகப் படியும், இறக்கைச் செதில்கள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வெள்ளைத் தாளில் பக்கவாட்டாகக் கிடத்தி, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்.

இப்போது எல்லாரும் நேராகப் பால்ப்புக்குப் போவார்கள். உறிஞ்சுகுழலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக நிற்கும் துணைக்கொம்புகளைத்தான் பால்ப் என்கிறோம். அதற்கு முன்னால் உணர்கொம்பைப் பார்க்க வேண்டும், இதைத்தான் அக்கா மகன் தவறவிட்டான். உணர்கொம்பு பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி அடர்ந்த மயிரோடு இருந்தால் ஆண். அங்கொன்றும் இங்கொன்றுமாக மயிர் இருந்தால் பெண். இது தெரியாமல் பால்ப்பின் நீளத்தைப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

பெண்ணாக இருந்தால் வேலை சுலபம். அனோபிலிஸ் பெண்ணுக்குப் பால்ப் உறிஞ்சுகுழல் அளவுக்கே நீளம். மூன்றும் விரிந்து நின்றால் மேலிருந்து பார்க்கும்போது திரிசூலம்தான். கியூலெக்ஸ், ஏடிஸ் பெண்களுக்குப் பால்ப் குட்டை. உறிஞ்சுகுழலின் அடியில் இரண்டு சின்னக் குச்சி ஒட்டியது போலத் தெரியும், நாலில் ஒரு பங்கு நீளம்கூட வராது. நம் வீடுகளில் இருக்கும் ஏடிஸ் பெண்களுக்கு அந்தக் குட்டைப் பால்ப்பின் நுனி வெள்ளையாக இருக்கும், லென்ஸில் முகத்தருகே இரண்டு வெள்ளைப் பொட்டாக மின்னும். ஒரு எச்சரிக்கை: செத்த அனோபிலிஸின் பால்ப்புகள் சில நேரம் உறிஞ்சுகுழலோடு ஒட்டிப்போய், மூன்றும் சேர்ந்து ஒரே தடித்த குழலாகத் தெரியும். குண்டூசி முனையால் மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். காய்ந்துபோன கொசுவில் பால்ப் முறிந்தும் போயிருக்கலாம். இல்லாததைக் குட்டை என்று எழுதிவிடாதீர்கள்.

ஆணாக இருந்தால்தான் குழப்பம். மூன்று இனத்திலும் ஆணுக்குப் பால்ப் நீளம். வித்தியாசம் நுனியில். அனோபிலிஸ் ஆணுக்கு நுனி பருத்து, உருண்டு, கதாயுதம் மாதிரி முடியும். கியூலெக்ஸ் ஆணுக்குப் பால்ப் உறிஞ்சுகுழலையும் தாண்டி நீண்டு, மயிரடர்ந்து, கூர்மையாக மேல்நோக்கி வளைந்திருக்கும். ஏடிஸ் ஆணுக்கும் நுனியில் அந்தக் கதாயுதம் இருக்காது.

அக்கா மகன் கொண்டுவந்த கொசுவின் உணர்கொம்பு பிரஷ் மாதிரி புசுபுசுவென்று இருந்தது. பால்ப் உறிஞ்சுகுழலைவிட நீளம், நுனி மேலே வளைந்திருந்தது, பருமன் எதுவும் இல்லை. இறக்கையைப் பார்க்காமலேயே அது கியூலெக்ஸ் ஆண் என்று சொல்லிவிட்டேன். அவன் நம்பவில்லை. "பார்த்துட்டுச் சொல்லுங்க மாமா" என்றான். அதுவும் நியாயம்தான்.

இறக்கைதான் எனக்குப் பிடித்த அடையாளம். கொசு இறக்கையின் நரம்புகளின் மேல் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி செதில்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். பெரும்பாலான அனோபிலிஸ்களுக்கு இந்தச் செதில்கள் கருப்பும் வெளிர்மஞ்சளுமாகக் கூட்டம் கூட்டமாகப் பிரிந்திருக்கும். இறக்கையின் முன் ஓரத்தைப் பாருங்கள்: கருப்புக்கட்டை, வெளிர்க்கட்டை, மறுபடி கருப்பு என்று மாறி மாறிப் போகும். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டபோது, அந்தக் கொசுவின் இனப்பெயர் அவருக்குத் தெரியாது. புள்ளி இறக்கைக் கொசு என்றுதான் எழுதிவைத்தார். கண்ணில் முதலில் படுவது அதுதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நம் வீட்டுக் கியூலெக்ஸுக்கும் ஏடிஸுக்கும் இறக்கைச் செதில் முழுக்க ஒரே கருமை. ஏடிஸின் வெள்ளை அலங்காரமெல்லாம் காலிலும் முதுகிலும்தான், இறக்கையில் இல்லை. "புள்ளி போட்ட கொசு" என்று யாராவது சொன்னால் எங்கே புள்ளி என்று முதலில் கேளுங்கள். காலில் என்றால் ஏடிஸ் பக்கம் போங்கள்.

கைப்பேசியில் படம் எடுத்துப் பார்ப்பவர்கள் ஏமாறும் இடமும் இறக்கைதான். பிளாஷ் வெளிச்சம் பட்டால் வெறும் கருப்பு இறக்கையிலும் அங்கங்கே வெளிர்த் திட்டு தெரியும். தாளைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். திட்டு இடம் மாறினால் அது வெளிச்சத்தின் வேலை, அப்படியே நின்றால் செதில். டப்பாவுக்குள் அடித்துக்கொண்டு செதில் உதிர்ந்த கொசுவும் உண்டு, அதில் வழுக்கை விழுந்த இடம் கண்ணாடி மாதிரி தெரியுமே தவிர வெளிர்மஞ்சளாக இருக்காது. ஒன்றிரண்டு வெளிர்ப் புள்ளியோடு மற்றபடி கருத்த இறக்கை கொண்ட அனோபிலிஸ்களும் மலேசியச் சதுப்புக் காடுகளில் இருக்கின்றன. புள்ளி இறக்கை கொண்ட ஒரு சில கியூலெக்ஸ் வகைகளும் இருக்கின்றன. இங்கேதான் பால்ப் கைகொடுக்கும்: இறக்கையில் புள்ளி, ஆனால் பெண்ணின் பால்ப் குட்டை என்றால் அது அனோபிலிஸ் இல்லை. இரண்டும் முரண்பட்டால் நான் எப்போதும் பால்ப் பக்கம்தான் நிற்பேன்.

இறக்கை முழுக்கக் கருப்பும் வெளிறிய நிறமும் கலந்து, உப்பும் மிளகும் தூவியது போல இருந்தால், அது மன்சோனியா என்ற வேறொரு கொசு இனமாக இருக்கலாம். நீர்த்தாவரம் மண்டிய குளம் பக்கத்தில் இருப்பவர்கள் இதை அடிக்கடி அனோபிலிஸ் என்று நினைத்துப் பயப்படுவார்கள். அதன் செதில் தனித்தனியாகவே அகலம், கட்டை கட்டையாகப் பிரிந்திருக்காது. பால்ப்பும் பெண்ணுக்குக் குட்டைதான்.

உண்மையான அனோபிலிஸைப் பார்க்க ஆசை என்றால் பிளாட்டில் தேடாதீர்கள். செபராங் பிறை நெல்வயல் ஓரமாக யாராவது மாடு வைத்திருந்தால், இரவில் கொட்டகைச் சுவரில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆணி ஆணியாகச் சாய்ந்து நிற்கும். அதுவும் மலேரியா இருக்கிறது என்பதற்கு ஆதாரம் ஆகாது. அனோபிலிஸிலேயே நோயைப் பரப்பாத வகைகள் ஏராளம், வகையைப் பிரிப்பதற்கு லென்ஸ் போதாது. மலேசியாவில் 2018 முதல் உள்ளூரில் பரவும் மனித மலேரியா பதிவாகவில்லை. இப்போது வருவது பெரும்பாலும் குரங்கிலிருந்து காட்டோரத்தில் தொற்றும் நோலெசி வகை.

அக்கா மகன் கதைக்கு வருவோம். இறக்கை முழுக்கக் கருப்பு, ஒரு புள்ளி இல்லை. வயிற்றில் வளையம் வளையமாக வெளிர்ப் பட்டை, கால் முழுதும் சாதாரணப் பழுப்பு. அழுக்குத் தண்ணீரில் வளரும் சாதாரண வீட்டுக் கியூலெக்ஸ் ஆண். ஆண் கொசு கடிக்காது, பிறந்த தண்ணீரை விட்டு அதிகத் தூரமும் போகாது. குளியலறையில் ஆண்கள் கூட்டமாக இருந்தால் அழுக்குத் தண்ணீர் தேங்கிய இடம் ஏதோ ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம். டார்ச்சை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வீட்டின் பின்பக்கம் போனோம். லோங்காங் என்று நாங்கள் சொல்லும் சாக்கடையில் தண்ணீர் தேங்காமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வாயில் இருக்க வேண்டிய வலை இல்லை. டார்ச்சை அதன் மேல் அடித்ததும் கொசுக்கள் புகை மாதிரி எழும்பின. மறுநாள் பழைய கொசுவலைத் துண்டைக் கம்பியால் அந்த வாயில் கட்டினான்.