நெல் குதிர் நகர்ந்தால் பாம்பும் நகரும்

கேள்வி: ஐயா, பர்மாவில் பகோவுக்குக் கிழக்கே வயலோரத்தில் எங்கள் வீடு. மூங்கில் தட்டியில் மண் பூசிய சுவர், தனி என்னும் நிப்பாப் பனையோலைக் கூரை. மூலையில் குதிர் கட்டி 80 கூடை நெல் வைத்திருக்கிறோம். எலித் தொல்லை தாங்கவில்லை. போன வாரம் குதிர் அடியில் கண்ணாடி விரியன் கிடந்தது. கார்பாலிக் தெளித்தோம், மூன்றாம் நாள் மறுபடியும் வந்துவிட்டது. மூலைக் கம்பத்தையும் கரையான் அரிக்கிறது. செலவில்லாமல் எதை முதலில் செய்வது?

பதில்: முதலில் குதிர் வீட்டை விட்டு வெளியே போகட்டும். உங்களுடைய மூன்று தொல்லையும் அந்த ஒரு மூலையில்தான் கூடியிருக்கின்றன.

கார்பாலிக், கந்தகம், பூண்டுத் தண்ணீர் எதுவும் பாம்பை நம்பத்தகுந்த அளவுக்கு விரட்டாது. நானும் ஒரு காலத்தில் வீட்டைச் சுற்றிக் கந்தகம் தூவிப் பார்த்தவன்தான்; நாற்றத்தில் நாங்கள்தான் வெளியே படுத்தோம். கார்பாலிக் தோலையும் சுடும், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது வேண்டாம். விரியன் வருவது எலிக்காக. எலி வருவது நெல்லுக்காக. மழைக்காலத்தில் வயலில் தண்ணீர் ஏறியதும் வயல் எலி வரப்புக்கு ஒதுங்கும், வரப்பும் நனைந்தால் மேடான வீட்டுத் தரைக்கு வரும். அங்கே 80 கூடை, அதாவது ஒன்றரை டன்னுக்கு மேல் நெல் தரையோடு தரையாக இருந்தால் அது ஏன் திரும்பிப் போகப் போகிறது?

குதிர் வீட்டுக்கு வெளியே, சுவரிலிருந்தும் மரக்கிளையிலிருந்தும் ஓர் ஆள் நீளமாவது தள்ளி, நான்கு கால் மேல் நிற்க வேண்டும். அடித்தட்டு தரையிலிருந்து மூன்றடிக்குக் குறையக் கூடாது. அதற்குக் கீழே என்றால் எலி தாவிவிடும். ஒவ்வொரு காலிலும் அடித்தட்டை ஒட்டிக் கீழே தகரம் சுற்ற வேண்டும். பழைய எண்ணெய் டின்னை வெட்டி விரித்தால் ஓரடி அகலம் கிடைக்கும், அது போதும். தகரம் வழவழப்பாக, மடிப்பில்லாமல், காலோடு ஒட்டி இருக்க வேண்டும். துரு ஏறினால் நகம் பிடித்து ஏறிவிடும். பலர் இதெல்லாம் சரியாகச் செய்துவிட்டு ஏணியை மட்டும் இரவில் சாய்த்தே வைத்துவிடுவார்கள். அந்த ஒன்று போதும், அத்தனை வேலையும் வீண்.

குதிர் போன பிறகு தரையில் வளைகள் தெரியும். உடனே மருந்து வாங்க ஓடாதீர்கள். மாலையில் எல்லா வளை வாயையும் ஈர மண்ணால் அடைத்துவிடுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ, எதன் வாயில் புது மண் குவிந்திருக்கிறதோ அதுதான் எலி இருக்கும் வளை. வளைக்குள் கை விடவே கூடாது, விரியன் படுப்பதும் அங்கேதான். உயிருள்ள வளைக்கும் சுவருக்கும் இடையே எலிக்கிட்டி வையுங்கள். நம் பாட்டனார் காலத்துத் தஞ்சாவூர் மூங்கில் கிட்டியை உங்கள் பக்கத்தில் கட்டத் தெரிந்த பெரியவர் இருந்தால் செலவே இல்லை. கருவாட்டுத் துண்டோ ஙப்பி மீன் விழுது தடவிய தேங்காய்ச் சில்லோ வைக்கலாம். எலி புதுப்பொருளைச் சந்தேகப்படும், ஆகவே முதல் இரண்டு மூன்று இரவு கிட்டியை இழுத்துக் கட்டாமல் இரையை மட்டும் தின்ன விடுங்கள். பழகிய பிறகு ஒரே இரவில் எல்லாக் கிட்டியையும் மாட்டுங்கள். எலி அடங்கியதும் வளைகளை உடைத்த ஓடும் களிமண்ணும் சேர்த்துக் கெட்டியாக அடைத்துவிடலாம். சிங்க் பாஸ்பைடு மருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். கோழி, நாய், பிள்ளை எதுவும் தப்பாது. செத்த எலி சுவருக்குள் அழுகினால் அந்த வாடை வேறு.

எலி குறைந்த அன்றைக்கே பாம்பு போய்விடாது, சில வாரம் தேடி வரும். அதுவரை சுவரோரம் விறகும் வைக்கோலும் சாத்தாதீர்கள். இரவில் டார்ச் இல்லாமல் வெளியே காலை வைக்காதீர்கள். தரையில் பாய் போட்டுப் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் சொருகிக்கொள்ளுங்கள். இது விரியனைவிடக் கட்டுவிரியனுக்கு முக்கியம். அது தூங்குகிறவர்களைக் கடிக்கும், கடித்தது வலிக்காமலும் போகும்.

கடித்துவிட்டால் கயிற்றால் இறுகக் கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ மூங்கில் பத்தை வைத்து அசையாமல் கட்டி, நடக்க விடாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். ஈறில் இரத்தம் கசிவது, சிறுநீர் கறுப்பது, குறைவது எல்லாம் கண்ணாடி விரியன் விஷத்தின் அடையாளம். சிறுநீரகம் கெடுவதுதான் இங்கே பெரிய ஆபத்து. பர்மாவின் விரியன் இந்திய விரியனிலிருந்து வேறு இனம். அதற்கான மருந்து இந்த நாட்டிலேயே தயாராகிறது. இந்தியாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த மருந்துக் குப்பியை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

இப்போது கம்பம். குதிர் இருந்தபோது அந்த மூலை இருட்டாக, ஈரமாக, கண்ணுக்குப் படாமல் இருந்தது. கரையானுக்கு வேறு என்ன வேண்டும்? கம்பத்தைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால், கத்தி முனை ஓரங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால், உள்ளே போய்விட்டது. மேலே ஏறும் மண் குழாயை ஒரு விரல் நீளம் மட்டும் உடைத்துவிடுங்கள். ஓரிரு நாளில் புது ஈர மண்ணால் அடைபட்டால் கரையான் இன்னும் உள்ளே இருக்கிறது. அடைபடாமல் காய்ந்து கிடந்தால் அந்தப் பாதையை விட்டுவிட்டது, ஆனால் வேறு பக்கம் ஏறியிருக்கலாம், சுற்றிப் பாருங்கள்.

அரிபட்ட கம்பத்தைக் காப்பாற்ற ஒரே வழி, அதை மண்ணிலிருந்து பிரிப்பது. முதலில் கூரை விட்டத்துக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுங்கள். அடியில் கெட்ட பகுதியை அறுத்துவிட்டு, தரைக்கு மேல் அரையடி தெரியும்படி ஒரு கல்லையோ சிமெண்ட் கட்டியையோ வைத்து அதன்மேல் கம்பத்தை நிறுத்துங்கள். கல்லில் ஒரு இரும்புக் கம்பி நீட்டியிருந்தால் காற்றில் நகராது. கல் வைத்தாலும் கரையான் அதன்மேல் குழாய் கட்டி ஏறத்தான் செய்யும். ஆனால் வெளிச்சத்தில் கட்ட வேண்டியிருப்பதால் உங்கள் கண்ணில் படும், விளக்குமாற்றால் தட்டிவிடலாம். வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். வேப்பெண்ணெய் பூசலாம், மழையில் கழுவிப் போவதால் திரும்பத் திரும்பப் பூச வேண்டும். இந்த நாட்டு மர வீடுகளைக் கறுப்பாக்கிய அந்தக் கச்சா எண்ணெய் நன்றாகவே தாங்கும். ஆனால் ஓலை வீட்டில் அதைக் கம்பத்தின் அடியில் மட்டும், அடுப்புக்கு எதிர்ப்பக்கம், காய்ந்த நாளில் பூசுங்கள். கிணற்றுக்கு அருகில் வேண்டாம்.

புற்றை உடைத்து வெந்நீர் ஊற்றச் சொல்வார்கள். ராணி ஆழத்தில் இருக்கும், சூடு அதுவரை போகாது. வீட்டை ஒட்டிய பழம்புற்று என்றால் நாகமும் குடியிருக்கலாம், வெறும் கையோடு தோண்டாதீர்கள்.

உங்களுக்கு நேரம் குறைவு. அறுவடை வந்தால் புது நெல்லும் வரும், அதற்கு முன் குதிர் காலுக்குத் தகரம் சுற்றியாக வேண்டும். கம்பத்தை மழை நின்றதும் மாற்றிக்கொள்ளலாம், அதுவரை முட்டு மட்டும் கொடுத்து வையுங்கள்.