நாய்க்குட்டியின் கடி

அக்கா, எங்கள் குட்டிக்கு 8 வாரம். தாய் செத்துப்போனதால் 5 வாரத்திலேயே தோட்டத்திலிருந்து தூக்கி வந்தோம். கை, கால், சாரம் எல்லாவற்றையும் கடிக்கிறது. மூக்கில் தட்டினால் இன்னும் கோபமாகக் கடிக்கிறது. 6 வயது மகன் பயப்படுகிறான். இது முரட்டு நாயாகிவிடுமா?
– ஒரு வாசகி, பண்டாரவளை

அன்புள்ள தங்கைக்கு,

முரட்டு நாயாகும் என்று இப்போதே பயப்பட வேண்டாம். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கூடப்பிறந்த குட்டிகளிடம்தான் படிக்கும். அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். உங்கள் குட்டிக்கு அந்தப் பாடம் பாதியில் நின்றுவிட்டது, மிச்சத்தை நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். மூக்கில் தட்டுவதை இன்றோடு விடுங்கள். தட்டுகிற கை அதற்கு விளையாட்டாகவோ பயமாகவோ தெரியும், இரண்டிலும் கடி கூடும்.

எங்கள் குட்டியும் அப்படி வந்ததுதான். முதல் வாரம் மெல்லிய கடியைக் கண்டுகொள்ளவில்லை. வலிக்கக் கடித்தால் மட்டும் கையை வெடுக்கென்று இழுக்காமல் அசையாமல் நின்று, பேசாமல் எழுந்து, இஸ்தோப்புக்குப் போய்க் கதவைச் சாத்தி, 20 விநாடி கழித்துத் திரும்பி வருவேன். இழுத்தால் அது ஓடுகிற இரை மாதிரி, துரத்திக் கடிக்கும். கடி மெலிந்ததும் அடுத்த வாரம் நடுத்தரக் கடிக்கும் எழுந்து போனேன், அப்புறம் பல் தோலில் பட்டாலே போனேன். முதல் நாளே கடியை முழுசாக நிறுத்தப் பார்த்தால், எவ்வளவு மெதுவாகக் கடிக்க வேண்டும் என்பதைக் குட்டி படிக்காமலே வளர்ந்துவிடும். பெரிய நாயாகி ஒருநாள் வலியிலோ பயத்திலோ கடித்தால் அந்தக் கடி ஆழமாக இறங்கும். இடையில் இரண்டு மூன்று நாள் கடி கூடுவது போலத் தெரியும், வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடந்தால் குறையும்.

விளையாட்டுப் பொருளைக் கடித்த பிறகு நீட்டாதீர்கள், கடித்தால் அது கிடைக்கும் என்று படித்துக்கொள்ளும். கண் உங்கள் காலுக்குப் போகும்போதே கொடுங்கள். பழைய சேலையைக் கிழித்து ஒன்றரை அடிக்குப் பின்னி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுத் தரையில் இழுங்கள், சும்மா கிடந்தால் அதற்கு அலுத்துவிடும். நூல் பிரிந்தால் எடுத்துவிடுங்கள், விழுங்கினால் குடலில் சிக்கும். பழைய செருப்பு மட்டும் வேண்டாம், புதுச் செருப்புக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. சுமார் 4 மாதத்தில் பால் பல் விழத் தொடங்கும், அப்போது அதே பின்னலை நனைத்து உறைய வைத்துக் கொடுத்தால் ஈறுக்கு இதம். மாலையில் வெறி பிடித்த மாதிரி கடித்தால் பெரும்பாலும் தூக்கக் களைப்புதான், இருட்டான மூலையில் படுக்க வையுங்கள்.

மகனைக் கற்றுக்கொடுக்க விடாதீர்கள். அவன் கத்தி ஓடினால் குட்டிக்கு உற்சாகம்தான், ஆகவே பெரியவர் பக்கத்தில் இல்லாமல் இரண்டையும் விட வேண்டாம். தோல் கிழிந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குட்டிதானே என்று விசர்நாய்க்கடி விஷயத்தில் விட்டுவிட முடியாது. குட்டிக்குத் தடுப்பூசி எப்போது என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள். சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் உடம்பு விறைத்து, முறைத்துக்கொண்டு உறுமினால் அது விளையாட்டில்லை, அதையும் அவரிடமே சொல்லுங்கள்.