62-உடன் 273 கூட்டலாமா? கார்னோ இயந்திரக் கேள்விகள்

பிளஸ் ஒன் மாணவி: சார், வெப்ப மூலம் 127°C, வெப்ப ஏற்பி 27°C. பயனுறுதிறன் எனக்கு 78.7% வருகிறது, விடை 25% என்று இருக்கிறது. எங்கே தப்பு?

1 − 27/127 என்று போட்டிருக்கிறாய். சூத்திரம் η = 1 − T2/T1 சரிதான், ஆனால் உள்ளே போக வேண்டியவை 273 கூட்டிக் கெல்வினுக்கு மாற்றிய 400-உம் 300-உம். 1 − 300/400, அதாவது 25%. ஏன் கெல்வின் என்று கேட்டால், இதே இரண்டு வெப்பநிலைகளை ஃபாரன்ஹீட்டில் எழுதிப் பார். 260.6, 80.6. விடை 69% ஆகிவிடும். ஒரே இயந்திரத்துக்கு அளவுகோலைப் பொறுத்து மூன்று திறன் இருக்க முடியுமா? ஏற்பியைப் பனிக்கட்டியில் வைத்தால் செல்சியஸ் கணக்கில் 100% வரும். −10°C-இல் வைத்தால் 100%-ஐயும் தாண்டும்! கார்னோ தன் நூலை வெளியிட்டது 1824-இல். கெல்வின் தனிவெப்பநிலை அளவை முன்வைத்தது 1848-இல், அதுவும் கார்னோவின் கருத்திலிருந்துதான். இன்றைய வடிவம் அதற்கும் சில ஆண்டுகள் கழித்து வந்தது. ஆகவே கெல்வின் இந்தச் சூத்திரத்துக்கு வெளியிலிருந்து வந்த நிபந்தனை இல்லை.

நீட் எழுதப்போகிறவர்: வித்தியாசம் இரண்டு அளவுகளிலும் ஒன்றுதானே சார்? அப்படியானால் (T1 − T2)/T1 என்று எழுதினால் மாற்றவே வேண்டாமே?

பாதி சரி. மேலே இருக்கும் 100 செல்சியஸிலும் கெல்வினிலும் 100தான். கீழே இருப்பது வித்தியாசம் இல்லையே, தனியாக நிற்கும் வெப்பநிலை. அது 127-ஆ 400-ஆ என்பதில்தான் விடையே இருக்கிறது. ஆனால் அந்தப் பாதி வீண் போகாது, அடுத்த கேள்விக்கு வேண்டும்.

கல்லூரி முதலாண்டு: திறன் 1/6. ஏற்பியின் வெப்பநிலையை 62°C குறைத்தால் 1/3 ஆகிறது. மாற்ற மறக்கக்கூடாதென்று 62-ஐ 335 K ஆக்கினேன். T1 = 2010 K வந்தது, விருப்பங்களில் இல்லை.

இந்தத் தவற்றைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் கவனமான பிள்ளைகள்தான்! "62°C குறைத்தால்" என்பது வித்தியாசம், அதற்கு 273 கூட்டக்கூடாது. "62°C-க்குக் குறைத்தால்" என்றிருந்தால் கூட்ட வேண்டும். ஒரு 'க்கு'தான்.

T1 மாறவில்லை. T2 62 K குறைந்ததால் திறன் 62/T1 அளவு கூடுகிறது. கூடியது 1/3 − 1/6 = 1/6. ஆகவே T1 = 372 K, T2 அதில் ஆறில் ஐந்து பங்கு, 310 K. செல்சியஸில் 99-உம் 37-உம்.

உன் விடையில் ஒரு தந்திரம் இருக்கிறது. 2010, 1675 என்று வைத்து 335 குறைத்துப் பார்த்தால் 1/3 அழகாக வந்துவிடும், தப்பே தெரியாது. கேள்வியில் உள்ள 62-ஐ வைத்துக் குறை. 1613/2010, திறன் 20%-ஐக்கூடத் தொடவில்லை. சரிபார்க்கும்போது நாம் மாற்றிய எண்ணை விட்டுவிட்டுக் கேள்வித்தாளின் எண்ணுக்குத் திரும்ப வேண்டும்.

அனல்மின் நிலைய ஊழியர்: எங்கள் நீராவி 540°C, கண்டென்சர் 40°C. கெல்வினில் போட்டால் 61.5%. எங்களுக்குக் கிடைப்பது 37% பக்கம்தான். கெல்வினுக்கு மாற்றியும் தப்பாக வருகிறதே?

கணக்கு தப்பில்லை அண்ணா, கேள்வி வேறு. 61.5% என்பது தாண்ட முடியாத எல்லை, கிடைக்கப்போகும் அளவு இல்லை. முழு வெப்பத்தையும் 540°C-இலேயே வாங்கினால்தான் அந்த எல்லை பொருந்தும். உங்கள் கொதிகலனில் நீர் அதைவிட வெகு கீழே வெப்பம் வாங்கத் தொடங்கி, கொதித்து, கடைசியில்தான் 540-ஐத் தொடுகிறது. சராசரி 330°C என்று வைத்துக்கொண்டால் எல்லையே 48% ஆகிவிடும். மீதியைப் புகைபோக்கி, டர்பைன் உராய்வு, பம்புகள் எல்லாம் பங்கு போடும்.

1975-இல் கர்சன், ஆல்போர்ன் இருவரும் வேறொரு சூத்திரம் எழுதினார்கள், 1 − √(T2/T1). உங்கள் எண்களுக்கு 38%! ஆனால் அதன் எடுகோள்கள் உங்கள் நிலையத்துக்கு அப்படியே பொருந்தாது. இந்த நெருக்கம் இயற்பியலா, தற்செயலா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நான் தற்செயல் பக்கம் சாய்கிறேன்.

பெயர் சொல்லாதவர்: 273-ஆ, 273.15-ஆ?

முதல் கணக்கில் 273.15 போட்டால் 24.99% வரும். தேர்வில் 273 போதும், இரண்டு வெப்பநிலைக்கும் ஒரே எண்ணைக் கூட்டு.