எல்லா வாட்டும் பலகை வழியாகப் போகவில்லை

கேள்வி: புராஜெக்ட்டுக்காக ராக்வூல் பலகையின் வெப்பக் கடத்துத்திறனை நானே செய்த கருவியில் அளந்தேன். பாக்கெட்டில் 0.036 என்று போட்டிருக்கிறது, எனக்கு 0.0625 வருகிறது. ஹீட்டர் தட்டு 20 × 20 செ.மீ., பலகை 25 மி.மீ., மின்சாரம் 2.0 வாட். மேலே ஹீட்டர் 48 டிகிரி, கீழே தண்ணீர்த் தட்டு 28, ஏர்கான் அறை 25. சுற்றிலும் 5 செ.மீ. ஸ்டைரோஃபோம் வைத்தும் இப்படி வருகிறதே, தவறு எங்கே?

பதில்:

உங்கள் தெர்மோகப்பிளிலும் தவறில்லை, கணக்கிலும் தவறில்லை. `k = Q·L / (A·ΔT)` என்ற சூத்திரத்தில் Q என்பது பலகை வழியாகப் போகும் வெப்பம். நீங்கள் அங்கே போட்டது ஹீட்டருக்குள் போகும் மின்சாரம். இரண்டும் ஒன்றல்ல. உங்கள் எண்களை வைத்தே எவ்வளவு வெளியே போகிறது என்று கணக்குப் போடலாம்.

ஹீட்டரின் முதுகில் 5 செ.மீ. ஸ்டைரோஃபோம் இருக்கிறது. அதன் கடத்துத்திறன் சுமார் 0.035. பரப்பு 0.04 சதுர மீட்டர். ஆக ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 0.028 வாட் அதன் வழியே போகும். ஹீட்டர் 48, அறை 25, வித்தியாசம் 23 டிகிரி. எனவே 0.64 வாட் முதுகு வழியாகவே அறைக்குப் போய்விடுகிறது. பலகையின் நான்கு விளிம்புகள், ஹீட்டர் தட்டின் ஓரம், மூலைகள் எல்லாம் சேர்த்து இன்னொரு 0.2 வாட் என்று வையுங்கள். 2.0-இலிருந்து 0.84 போனால் மீதி 1.16. அதைச் சூத்திரத்தில் போட்டால் 0.036 வரும். உங்கள் பலகை பாக்கெட்டில் போட்டபடிதான் இருக்கிறது.

ஸ்டைரோஃபோம் போட்டும் ஏன் தடுக்கவில்லை என்பதுதான் உங்கள் மனதில் உறுத்துகிறது. மின்கம்பிக்கு பிளாஸ்டிக் உறை போட்டால் மின்சாரம் வெளியே கசியாது, ஏனென்றால் செம்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையிலான வித்தியாசம் கோடி கோடி மடங்கு. வெப்பத்துக்கு அப்படி ஒரு உறை கிடையாது. நீங்கள் அளக்கும் ராக்வூலும் அதைச் சுற்றி வைத்த ஸ்டைரோஃபோமும் ஏறக்குறைய ஒரே கடத்துத்திறன் கொண்டவை. வெப்பத்துக்கு எந்த வழியும் அடைபடவில்லை, எல்லாம் திறந்த வழிதான். 10 செ.மீ. ஆக்கினால் முதுகு இழப்பு பாதியாகும், பூஜ்யமாகாது. அதற்குமேல் கனமாக்கினால், நிலைபெற எடுக்கும் நேரமும் கூடும்.

அதனால் தடுக்க முயல வேண்டாம், வெப்பம் போவதற்குக் காரணமே இல்லாமல் செய்துவிடுங்கள். முதுகு ஸ்டைரோஃபோமுக்கு வெளிப்பக்கம் இன்னொரு ஹீட்டர் தட்டு வையுங்கள், அதுவும் 20 × 20. அதற்குத் தனி டிசி சப்ளை. ஸ்டைரோஃபோமின் இரு பக்கமும் ஒவ்வொரு தெர்மோகப்பிள் ஒட்டி, இரண்டும் ஒரே டிகிரி காட்டும்வரை வெளி ஹீட்டரைக் கூட்டிக் குறையுங்கள். இரு பக்கமும் 48 என்றால் முதுகு வழியே வெப்பம் நகராது. வெளி ஹீட்டர் எத்தனை வாட் தின்றாலும் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 0.2 டிகிரிக்குள் சமன் செய்தால்கூட தவறு 0.006 வாட்தான், அதாவது அரை சதவீதம். ISO 8302, ASTM C177 ஆகிய தரமுறைகளில் வரும் காப்புத் தட்டும் இதே யோசனைதான், அங்கே விளிம்பைச் சுற்றியும் காப்பு ஹீட்டர் ஓடும். ஹீட்டர் பாயும் சப்ளையும் சிம் லிம் டவரில் கிடைக்கும். சப்ளையின் திரை காட்டும் வோல்ட்டை நம்பாதீர்கள், ஹீட்டரின் முனையிலேயே மல்டிமீட்டர் வைத்து அளங்கள். கம்பியில் விழும் வோல்ட் இந்த அளவுகளில் கணக்கைக் கெடுக்கும்.

சரி, விளிம்புகள்? இதற்குத் தேக்கா சந்தையில் மீன் வரும் அந்தக் கனமான வெள்ளைப் பெட்டி போதும். மூடியோடு ஒன்று கேட்டு வாங்கி, நன்றாகக் கழுவி, முழு அடுக்கையும் அதற்குள் வையுங்கள். உள்ளே சிறு பல்ப், ஒரு கம்ப்யூட்டர் விசிறி, ஒரு தெர்மோஸ்டாட். உள்காற்றை 38 டிகிரியில் நிறுத்துங்கள், அதாவது 48-க்கும் 28-க்கும் நடுவில். இப்போது பலகையின் மேல்பாதி காற்றைவிடச் சூடு, கொஞ்சம் வெப்பத்தை விடும். கீழ்பாதி காற்றைவிடக் குளிர், கொஞ்சம் வாங்கும். பலகை விளிம்பால் ஹீட்டருக்குக் கூடும் சுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக இறங்கிவிடும். ஏர்கான் ஓடி நின்று ஓடுவதால் வரும் ஆட்டமும் உள்ளே எட்டாது.

காத்திருக்கும் நேரத்தில் கஞ்சத்தனம் கூடாது. மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை குறித்து, கடைசி அரை மணியில் 0.1 டிகிரிக்கு மேல் மாறவில்லை என்றால்தான் அந்த அளவை எடுங்கள்.

சமன் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க, வெளி ஹீட்டரை வேண்டுமென்றே 5 டிகிரி இறக்கிப் பாருங்கள். உள் ஹீட்டரை 48-இலேயே வைத்திருக்க 0.14 வாட் கூடுதலாகத் தேவைப்பட வேண்டும் (0.028 × 5). ரொம்பவே அதிகம் கேட்டால் ஸ்டைரோஃபோமுக்கும் தட்டுக்கும் இடையில் காற்று போகும் இடைவெளி எங்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

கீழ்த்தட்டில் குழாய்த் தண்ணீர் விடுவது நல்ல முடிவு, அதை மாற்றாதீர்கள். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது பாடப்புத்தகத்தில் பார்த்தபடி ஐஸ் தண்ணீர் விட்டேன். நான்கு மணி நேரம் ஆகியும் அளவு நிலைக்கவில்லை, ஹீட்டர் கேட்கும் வாட் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது. பலகையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்க, ஒவ்வொரு இழை நுனியிலும் ஊசிமுனை அளவு நீர்த்துளி. எடைபோட்டால் கூடியிருந்தது. சிங்கப்பூர்க் காற்றின் ஈரம் 24 டிகிரி வாக்கிலேயே நீராக மாறத் தொடங்கிவிடும். அதற்குக் கீழே எந்தத் தட்டு போனாலும் ஈரம் பலகைக்குள் வந்து சேரும். நீரின் கடத்துத்திறன் 0.6, காற்றுக்கு 0.026. நான் அன்று அளந்தது ஈர ராக்வூல். அளப்பதற்கு முன்னும் பின்னும் பலகையை எடைபோடுவது அன்று முதல் எனக்குப் பழக்கம்.

அடுத்து கான்கிரீட்டை இதில் வைக்க நினைத்தால் தொல்லை வேறு பக்கமிருந்து வரும். கான்கிரீட்டின் கடத்துத்திறன் 1.5 வாக்கில் இருப்பதால் முதுகு இழப்பு சதவீதத்தில் அற்பம். ஆனால் தட்டுக்கும் கரடுமுரடான கான்கிரீட்டுக்கும் இடையில் 0.2 மி.மீ. காற்று நின்றால், அதன் தடை 25 மி.மீ. கான்கிரீட்டின் தடையில் ஏறத்தாழ பாதி. ராக்வூலில் அதே இடைவெளி ஒரு சதவீதம்தான். எனவே தட்டில் தெர்மோகப்பிள் ஒட்டாமல், கான்கிரீட்டின் முகத்திலேயே சிறு பள்ளம் கீறி அதில் பதியுங்கள். அப்புறம் இரு பக்கமும் மெல்லிய சிலிக்கோன் ரப்பர் தாள் வைத்து அழுத்துங்கள்.