தாமரை இலையைச் சோலார் பேனலுக்கு இரவல் வாங்கலாமா? கேள்வி பதில்

அம்பத்தூரில் ஒரு பெயின்ட் ஆய்வகத்தில் 14 வருடமாக வேலை செய்கிறேன். இயற்கையைப் பார்த்துப் பொருள் செய்வது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் பாதிக் கேள்விகள் தாமரை இலையைப் பற்றியே வந்திருக்கின்றன, அதனால் அதிலேயே நிற்கிறேன்.

மடிப்பாக்கம்: அக்கா, தாமரை இலை வழவழப்பாக இருப்பதால்தானே தண்ணீர் ஒட்டுவதில்லை? அப்படி ஒரு பூச்சு அடித்தால் சோலார் பேனலைக் கழுவவே வேண்டாமே?

ஒட்டாது என்பது சரி தம்பி, காரணம்தான் நேர் எதிர். அந்த இலை சொரசொரப்பானது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்குக் குட்டிக் குட்டி மேடுகள், அவற்றின் மேல் இன்னும் நுண்ணிய மெழுகுக் குழல்கள். துளி அந்த முனைகளின் மேல் மட்டும் உட்கார்ந்திருக்கும், அடியில் காற்றுதான். தூசியும் முனைகளை மட்டும் தொட்டுக்கொண்டிருப்பதால் உருண்டு வரும் துளி அதை அள்ளிக்கொண்டு போய்விடும். ஜெர்மனியின் பான் நகரத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்ட்லாட் இதை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து விளக்கினார், 1999-இல் அதே தத்துவத்தில் வெளிச்சுவர் பெயின்ட் விற்பனைக்கும் வந்தது.

பூச்சைத் தேடுவதற்கு முன்னால் ஒரு சேம்பு இலையைப் பறித்து வாருங்கள், அதுவும் இதே வேலையைச் செய்யும். ஒரு துளி விட்டால் பாதரசம் மாதிரி ஓடும். அதே இடத்தைக் கட்டை விரலால் நன்றாகத் தேய்த்துவிட்டு மறுபடி விடுங்கள், இந்த முறை துளி பரவி ஒட்டிக்கொள்ளும். மெழுகு நசுங்கிவிட்டது, அவ்வளவுதான். செடிக்குக் கவலையில்லை, புது மெழுகு சுரக்கும், புது இலையும் விடும். உங்கள் பேனலில் எதுவும் சுரக்காது. இந்த வகைப் பொருட்கள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான்.

திருவொற்றியூர்: எங்கள் மாடிப் பேனலில் அந்த மாதிரிப் பூச்சை வாங்கி அடித்தேன். முதல் மாதம் அருமை, மார்ச்சில் பார்த்தால் திட்டுத் திட்டாக அழுக்கு. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்று என்று உடனே சொல்லமாட்டேன் சார். முதலில் பேனலின் சாய்வை அளந்து பாருங்கள். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் இங்கே பேனலைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்த மாதிரிதான் பொருத்துவார்கள், 10 முதல் 15 டிகிரி வரை. துளி உருள 25 டிகிரி சாய்வு கேட்கிற பூச்சாக இருந்தால் சுவரில் ஜோராக வேலை செய்யும், உங்கள் மாடியில் துளி நின்ற இடத்திலேயே காய்ந்து திட்டாகிவிடும். வாங்கும்போது கேட்க வேண்டிய எண் அந்த உருளும் கோணம், 10-க்குக் கீழே இருக்க வேண்டும்.

இன்னொன்று, தாமரை குளத்தில் வாழ்கிறது. நம் மழையில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் முடிந்துவிடும், ஜனவரிக்கு அப்புறம் உருண்டு வந்து தூசியை அள்ளத் துளி எங்கே? இலையிலிருந்து வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மழையை மறந்துவிட்டோம். அதனால் 'கழுவவே வேண்டாம்' என்று விற்பது தப்பு. 'இரண்டு வாளிக்குப் பதில் அரை வாளி போதும், தேய்க்க வேண்டாம்' என்பதுதான் செய்து பார்க்கத் தகுந்த யோசனை.

அதே மடிப்பாக்கம்: ஆனால் விடியற்காலைப் பனி விழுகிறதே அக்கா, அதுவே கழுவாதா?

நல்ல கேள்வி. மழைத்துளி மேலிருந்து விழுகிறது, பனியோ மேடுகளுக்கு இடையிலேயே உருவாகிறது. காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் துளி நகராமல் பிடித்துக்கொள்ளும். நிஜத் தாமரை இலையிலும் இது நடக்கும், இலை அதிர்ந்தால் தண்ணீர் மறுபடி வெளியே வரும். பேனலைக் கடற்காற்று அந்த அளவு அசைக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை, பக்கத்து மேசைக்காரர் அசைக்கும் என்கிறார். இன்னும் சண்டை தீரவில்லை.

குரோம்பேட்டை: தாமரை இலையை அரைத்து அந்தச் சாற்றைப் பூசினால் இயற்கையாக இருக்குமே மேடம்?

சாற்றில் ஒன்றும் இல்லைம்மா. அரைத்த உடனே அந்த மேடுபள்ளம் போய்விடுகிறது, நமக்கு வேண்டியது அதுதான்.

பெரம்பூர்: மெஸ் நடத்துகிறேன். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் பிசுக்குக்கு இது உதவுமா?

உதவாதுங்க. எண்ணெய் தண்ணீரை விட எளிதாகப் பரவும், அந்த இடுக்குகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் எடுக்கவே முடியாது. உங்கள் பிரச்சினைக்குப் பார்க்க வேண்டிய செடி வேறு, பூச்சி பிடிக்கும் குடுவைச் செடி. அதன் விளிம்பில் காற்றுக்குப் பதிலாக ஒரு நீர்ப்படலம் தங்குகிறது, எறும்பின் கால் எண்ணெய் அதில் பிடிப்பில்லாமல் வழுக்கி விழுகிறது. 2011-இல் ஹார்வர்டில் ஜோவானா ஐசன்பெர்க் குழு, நுண்துளைப் பரப்பில் வழுக்கும் திரவத்தை ஊற வைத்து எண்ணெயும் வழுக்கி ஓடும் பரப்பைச் செய்தது. ஆனால் அந்தத் திரவம் நாளாக ஆகக் குறையும், உங்கள் அடுப்புச் சூட்டில் இன்னும் சீக்கிரம். அதைத் திரும்ப ஊற்ற ஒரு வழி யோசித்தீர்கள் என்றால் அதுவே ஒரு பொருள்.

அடையாறு: இலையின் உத்திக்குக் காப்புரிமை வாங்க முடியுமா?

இயற்கையில் இருப்பதைக் கண்டுபிடித்தேன் என்பதற்கு இந்தியச் சட்டம் தராது, நீங்கள் அதைச் செய்த முறைக்குக் கேட்கலாம். மேற்கொண்டு ஒரு வக்கீலிடம் கேளுங்கள்.

திருவொற்றியூர் சார், சாய்வை அளந்துவிட்டு எத்தனை டிகிரி என்று எழுதுங்கள். கூடவே அந்தத் திட்டில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பார்த்து, உருண்டதா பரவியதா என்றும் சொல்லுங்கள்.