ஒரு மாநிலத்துக்கு ஒரு கட்டம்: இந்திய டைல் மேப் கேள்வி பதில்

பத்திரிகைகளுக்கு வரைபடம் செய்து கொடுப்பது என் வேலை. அதனால் ஒவ்வொரு மாநிலத்தையும் ஒரே அளவுச் சதுரமாகக் காட்டும் டைல் மேப் பற்றி வந்த கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். நான் பயன்படுத்தும் இந்திய அமைப்பு இதுதான். வண்டி நம்பர் பிளேட்டில் வரும் எழுத்துகளையே போட்டிருக்கிறேன். 28 மாநிலங்கள், 8 யூனியன் பிரதேசங்கள், மொத்தம் 36 கட்டங்கள்.

```
.  .  JK LA .  .  .  .
.  PB CH HP .  .  .  .
.  RJ HR DL UK .  AR .
.  GJ MP UP BR SK AS NL
.  DD MH CG JH WB ML MN
.  .  GA TG OD .  TR MZ
.  .  KA AP .  .  .  .
LD .  KL TN PY .  AN .
```

கல்லூரி மாணவி: அக்கா, வழக்கமான இந்தியா மேப்பிலேயே கலர் அடித்துக் காட்டலாமே, எதற்கு இந்தச் சதுரங்கள்?

ராஜஸ்தான் 3,42,239 சதுர கிலோமீட்டர். டெல்லி 1,483. வழக்கமான மேப்பில் ராஜஸ்தானின் நிறம் டெல்லியின் நிறத்தைப்போல 230 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆனால் 2011 கணக்கெடுப்பில் ராஜஸ்தானில் 6.85 கோடிப் பேர், டெல்லியில் 1.68 கோடிப் பேர். நான்கு மடங்குதான்.

போனில் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். 400 பிக்சல் அகலத்தில் இந்தியாவை அடக்கினால் ஒரு பிக்சல் என்பது ஐம்பது சதுர கிலோமீட்டருக்கு மேல். லட்சத்தீவு மொத்தமே 32 சதுர கிலோமீட்டர். எல்லாத் தீவுகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு பிக்சல் நிரம்பாது. சண்டிகருக்கு இரண்டு பிக்சல் கிடைக்கும். அங்கே என்ன கலர் அடித்தாலும் யார் கண்ணிலும் படாது.

எக்செல் பிரியன்: சார், இதை எக்செலில் செய்ய முடியுமா? சாஃப்ட்வேர் எதுவும் தெரியாது.

சார் இல்லை, மேடம். தாராளமாகச் செய்யலாம். எட்டு காலம், எட்டு வரிசை எடுத்து, அகலம் உயரம் இரண்டையும் 60 பிக்சலாக இழுத்துவிடுங்கள். இழுக்கும்போது பிக்சல் எண்ணிக்கை தெரியும். data என்ற ஷீட்டில் A காலத்தில் மாநில எழுத்துகள், B காலத்தில் எண்கள் இருக்கட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தந்த மாநில எழுத்தோடு இந்த மாதிரி ஒரு வரி:

```
=VLOOKUP("TN",data!A:B,2,FALSE)
```

அப்புறம் கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் கலர் ஸ்கேல். மாநிலப் பெயர் தெரியவேண்டும் என்றால் பக்கத்திலேயே எழுத்துகள் மட்டும் உள்ள ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

புவியியல் ஆசிரியர்: எந்த மாநிலத்தை எங்கே வைப்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? ஏதாவது சூத்திரம் உண்டா?

இந்த வேலையின் கஷ்டமே இங்கேதான் இருக்கிறது, அதனால் விரிவாகச் சொல்கிறேன். தானாக அடுக்கித் தரும் நிரல்கள் உண்டு. ஆனால் 36 கட்டங்களைக் கையால் அடுக்கிவிடலாம், அதன் பலனும் நன்றாக இருக்கும்.

சதுரத்துக்கு நான்கு பக்கம்தான். உத்தரப்பிரதேசத்துக்கு எட்டு மாநிலங்களும் டெல்லியும் அண்டை. ஒன்பது பேரை நான்கு பக்கத்தில் உட்கார வைக்க முடியாது. ஆகவே அண்டை அதிகமாக உள்ளதை முதலில் வைத்து, யாரை விடப்போகிறோம் என்பதை அங்கேயே தீர்மானிக்க வேண்டும். மேலே உள்ள அமைப்பில் உ.பி.யைப் பாருங்கள். டெல்லி, பீகார், சத்தீஸ்கர், மத்தியப்பிரதேசம் நான்கும் பக்கம் ஒட்டி நிற்கின்றன. ஹரியானா, உத்தராகண்ட், ஜார்கண்ட் மூன்றும் மூலையில் தொடுகின்றன. ராஜஸ்தானும் இமாச்சலும் விட்டுப்போய்விட்டன. உத்தராகண்டின் நீண்ட எல்லை வெறும் மூலையாகிவிட்டது எனக்கு வருத்தம்தான். ஆனால் திசை ஏறக்குறைய சரி, உ.பி.க்கு வடக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. திசை ஏறக்குறைய சரியாக உள்ள மூலைத் தொடுதலை ஏற்றுக்கொள்ளலாம்.

அடுத்தது அசாம். ஏழு மாநிலங்கள் அண்டை. அருணாசலம், நாகாலாந்து, மேகாலயா ஒட்டி நிற்கின்றன. மணிப்பூரும் மேற்கு வங்கமும் மூலையில். திரிபுராவும் மிசோரமும் போயின. இன்னொரு கோளாறும் உண்டு. சிக்கிம் அசாமுக்கு அண்டையே இல்லை, ஆனால் இங்கே ஒட்டி நிற்கிறது. இப்படிப் பொய்யாக அண்டையானவற்றைத் தனியாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டிப் பரவும் விஷயத்தைப் பேசும்போது, நோயோ வெட்டுக்கிளியோ, அவைதான் வாசகரை ஏமாற்றும்.

கடைசியாகக் காலி இடங்கள். ஒடிசாவுக்கும் திரிபுராவுக்கும் நடுவே உள்ள காலி, வங்கதேசம் இருக்கும் இடம். லட்சத்தீவுக்கும் கேரளத்துக்கும் இடையே ஒரு கட்டம் கடல். அந்தக் காலிகளை நிரப்பினால் இந்தியாவின் உருவமே போய்விடும், வாசகர் தன் மாநிலத்தைத் தேடித் திணறுவார்.

வெப் டெவலப்பர்: டைல் 256 பிக்சலா 512 பிக்சலா? எந்த சர்வர் நல்லது?

நீங்கள் கேட்பது இணைய வரைபடத்தைத் துண்டு துண்டாக இறக்கும் டைல். இது வேறு.

மைசூர்வாசி: கோவாவை மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் நடுவில் செருகிவிட்டீர்கள். பெலகாவி தகராறு தெரியாதா? அந்த எல்லையையே அழித்துவிட்டீர்களே! கோவாவை இடப்பக்கம் ஒரு கட்டம் தள்ளுங்கள்.

நியாயமான புகார். நீங்கள் சொல்கிறபடியே தள்ளிப் பார்ப்போம். கோவா ஆறாம் வரிசையில் இரண்டாம் காலத்துக்குப் போகிறது. அது விட்ட இடத்துக்குக் கர்நாடகம் மேலேறுகிறது. மகாராஷ்டிரமும் கர்நாடகமும் ஒட்டிக்கொண்டன, தெலங்கானாவும் கர்நாடகமும் ஒட்டிக்கொண்டன. இரண்டு லாபம். ஆனால் கர்நாடகம் இருந்த இடம் காலி. கேரளத்தோடும் ஆந்திரத்தோடும் இருந்த தொடர்பு அறுந்தது, கோவாவும் மகாராஷ்டிரத்தை மூலையில்தான் தொடுகிறது. மூன்று நஷ்டம்.

திருச்சூர்க்காரர்: காலியான இடத்துக்குக் கேரளத்தை ஏற்றிவிட்டால் சரியாகிவிடும்.

பாதி சரி. கர்நாடகம் கிடைக்கும். ஆனால் கேரளம் ஆந்திரத்தோடு ஒட்டும், அது பொய். தமிழ்நாட்டை மூலையில் மட்டும் தொடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக இவ்வளவு போக்குவரத்து உள்ள எல்லையை மூலையாக்க எனக்கு மனமில்லை.

மைசூர்வாசி: உங்களுக்குத் தமிழ்நாட்டு எல்லை பெரிது, எங்களுக்கு பெலகாவி பெரிது.

ஆமாம், அது உண்மைதான். எல்லைத் தகராறு பற்றிய கட்டுரைக்குப் படம் செய்தால் உங்கள் அமைப்பையே எடுப்பேன். பொதுவான புள்ளிவிவரத்துக்கு என்னுடையதை விடமாட்டேன். இதில் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அமைப்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

காரைக்கால்காரன்: அக்கா, புதுச்சேரி என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறீர்கள். காரைக்கால் எங்கே? மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள். நான்கு கட்டம் தரவேண்டாமா?

தந்தால் எந்த எண்ணை அதில் எழுதுவது தம்பி? மாநில வாரியாக வரும் அட்டவணைகளில் புதுச்சேரிக்கு ஒரே வரிதான். அதே எண்ணை நான்கு இடத்தில் எழுதினால் புதுச்சேரியின் பார்வை எடை நான்கு மடங்காகிவிடும். ஒன்றுக்கு ஒன்று என்ற விதி உடைந்தால் இந்த வரைபடத்துக்கு வேறு ஆதாரமே இல்லை. பெரும்பாலானோர் வாழும் புதுச்சேரிப் பகுதி எங்கே இருக்கிறதோ அங்கே கட்டத்தை வைக்கிறேன். காரைக்கால் தனியாகத் தெரிய வேண்டுமென்றால் மாவட்ட அளவில் படம் செய்ய வேண்டும்.

லக்னோ தமிழன்: 20 கோடிப் பேர் உள்ள உ.பி.யும் 64 ஆயிரம் பேர் உள்ள லட்சத்தீவும் ஒரே அளவு என்பது பித்தலாட்டம் இல்லையா?

எதைக் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஜி.எஸ்.டி. கவுன்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். வாக்கில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசுக்கு. மீதி மாநிலங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் சம எடை. சிக்கிமும் உ.பி.யும் அங்கே ஒன்றே. அதற்குச் சமமான கட்டம்தான் உண்மையான படம். ஒரு சட்டத்தை எந்தெந்த மாநிலம் ஏற்றது என்பதும் அப்படியே.

மக்களவைத் தேர்தல் முடிவுக்கு இதே படத்தைப் போட்டால் நீங்கள் சொல்வது சரி. உ.பி.க்கு 80 இடம், சிக்கிமுக்கு 1. அப்போது 543 தொகுதிக்கும் ஒவ்வொரு கட்டம் தரவேண்டும், மாநிலத்துக்கு ஒன்று தரக்கூடாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, இதை யாரும் கேட்கவில்லை. சின்ன இடத்தைப் பெரிதாக்கினால் அதன் தற்செயலும் பெரிதாகும். லட்சத்தீவில் ஒரு வருடம் ஒரே ஒரு கொலை நடந்தால் லட்சம் பேருக்கு ஏறக்குறைய 1.5. அடுத்த வருடம் இரண்டு நடந்தால் 3. கட்டத்தின் நிறம் இளஞ்சிவப்பிலிருந்து கருஞ்சிவப்புக்குப் பாயும், "கொலை இரட்டிப்பு" என்று தலைப்பும் வரும். உ.பி.யில் ஒரு கொலை கூடினால் நிறம் அசையாது. இப்படி வரும்போது நான் சில வருடங்களின் சராசரியை எடுக்கிறேன். இல்லையென்றால் அந்தக் கட்டத்துக்குக் கோடு போட்ட சாம்பல் நிறம் தருகிறேன்.

தரவு ஆர்வலர்: மாநில வாரியாக மொத்த வாகன எண்ணிக்கைக்குக் கலர் அடித்தேன். உ.பி.யும் மகாராஷ்டிரமும் மட்டும் அடர்த்தியாக வருகின்றன. ஏன்?

மொத்தத்துக்குக் கலர் அடித்ததால். ஆயிரம் பேருக்கு எத்தனை என்று மாற்றுங்கள். கட்டம் சமமாக இருக்கும்போது மொத்த எண்ணை நிறமாகக் காட்டக்கூடாது.

அறுகோணம்: சதுரத்தை விட்டு அறுகோணத்துக்கு மாறினால் ஆறு அண்டை கிடைக்குமே?

கிடைக்கும். அமெரிக்காவில் என்.பி.ஆர். வானொலியின் செய்திப் பிரிவு 2015-ல் மாநிலங்களுக்கு அறுகோணத்தைத்தான் எடுத்தது. உருவம் கொஞ்சம் இயல்பாக வரும். ஆனால் உ.பி.யின் ஒன்பதுக்கு ஆறும் போதாது. கட்டத்துக்குள் பத்து வருடக் கோட்டு வரைபடம் போட வேண்டுமென்றால் சதுரம்தான் வசதி. ஆர் நிரல் மொழியில் `geofacet` என்ற தொகுப்பு அதைத்தான் செய்கிறது. `name, code, row, col` என்ற நான்கு காலம் உள்ள அட்டவணை கொடுத்தால் போதும்.

வங்கி ஊழியர்: மாநில வாரியாக மொத்த டெபாசிட்டுக்கு...

தரவு ஆர்வலருக்குச் சொன்னதுதான். தலைக்கு எவ்வளவு என்று மாற்றுங்கள்.

ஆய்வு மாணவர்: 2011 கணக்கெடுப்பை இந்த 36 கட்டத்தில் போட்டேன், இரண்டு கட்டம் வெள்ளையாக நிற்கிறது.

தெலங்கானாவும் லடாக்கும்தானே? தெலங்கானா 2014-ல் பிறந்தது, லடாக் 2019-ல். பழைய அட்டவணையில் அவை ஆந்திரத்திலும் ஜம்மு காஷ்மீரிலும் கலந்திருக்கும். மாவட்ட எண்களைக் கூட்டிப் பிரிக்க வேண்டும். ஆந்திரத்தின் பழைய எண்ணை அப்படியே விட்டுவிடாதீர்கள், அதில் தெலங்கானா இன்னும் உள்ளே இருக்கிறது. டாமன் டையூவும் தாத்ரா நகர் ஹவேலியும் 2020-ல் இணைந்தவை. அவற்றுக்கு விகிதங்களைச் சராசரி எடுக்காமல் மூல எண்ணிக்கைகளைக் கூட்டுங்கள்.

சென்னைவாசி: தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு ரெடிமேடு அமைப்பு தருவீர்களா?

முதலில் எந்த வருடத் தரவு என்று சொல்லுங்கள். 2011-க்கு 32 கட்டம், இப்போதைக்கு 38. மயிலாடுதுறை 2020-ல்தான் வந்தது. வருடம் தெரிந்தால் இரண்டில் எது வேண்டுமோ அதை அடுக்கித் தருகிறேன்.